திரும்பி வருவதற்கும் ஒரு கெடு உண்டு

2017 ஜனவரி 31 இரவு. மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் என்ற இணையச் சேவையில் இரண்டு டேட்டாபேஸ் சர்வர்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று முதன்மை. மற்றொன்று அதன் நகல். நகல் சர்வர் பின்தங்கிப் போயிருந்ததால், அதைக் காலி செய்துவிட்டு முதலிலிருந்து மறுபடி நகலெடுக்கலாம் என்று நினைத்தார் பணியில் இருந்த பொறியாளர். காலி செய்யும் கட்டளையையும் கொடுத்தார். அந்தக் கட்டளை நகல் சர்வருக்குப் போகவில்லை, முதன்மைக்குப் போய்விட்டது. ஓரிரு நொடிகளில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபிதான் மிச்சம்.

பேக்கப் இருக்கிறதே என்று தேடினார்கள். தினமும் பேக்கப் எடுக்கவேண்டிய நிரல், டேட்டாபேஸ் இருந்த பதிப்புக்குப் பொருந்தாத பழைய பதிப்பில் ஓடி, நாள்தோறும் தோற்றுக்கொண்டிருந்தது. அது தோற்றதாகச் சொல்லும் மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டு யாரையும் எட்டவில்லை. மேகக் கணினிச் சேவையில் கிடைக்கும் வட்டு நகல் வசதி, டேட்டாபேஸ் சர்வர்களுக்கு மட்டும் இயக்கப்படாமலே இருந்தது. விபத்துக்கு ஆறு மணி நேரம் முன்பு, வேறொரு சோதனைக்காகத் தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் நிறுவனத்தைக் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத்தில் பயனர்கள் டேட்டாபேஸில் சேர்த்தவை போனது போனதுதான்.

பிறகு கிட்லேப் தன் விசாரணை அறிக்கையை ஊரறிய வெளியிட்டது. அதில் ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போகும் ஒரு பகுதி உண்டு. பேக்கப்பை மீட்டுப் பார்க்கும் சோதனை ஏன் நடக்கவில்லை என்ற கேள்விக்கு அங்கே கிடைத்த பதிலில் தொழில்நுட்பம் எதுவும் இல்லை. அந்த வேலைக்குப் பொறுப்பாளி என்று யாரும் இல்லை, அவ்வளவுதான். எல்லோருக்கும் பொதுவான வேலையாக இருந்ததால் ஒருவரும் அதைச் செய்யவில்லை.

இதே நிறுவனம் அடுத்த ஆண்டே தன் முழு சேவையையும் மைக்ரோசாப்டின் அஷூர் மேகத்திலிருந்து கூகுள் மேகத்துக்கு மாற்றியது. டேட்டாபேஸ், பல லட்சம் நிரல் தொகுப்புகள், படங்கள், கோப்புகள் எல்லாமே இடம்பெயர வேண்டும். முதலில் குறித்த நாள் 2018 ஜூலை 28. பிறகு அது ஆகஸ்ட் 11 சனிக்கிழமைக்குத் தள்ளிப் போனது. சேவையை மூடி வைக்க அறிவித்த நேரம் இரண்டு மணி நேரம்தான். மாற்றத்துக்கான திட்ட ஆவணங்களை வெளியார் படிக்கும்படி அவர்கள் திறந்தே வைத்திருந்தார்கள். டேட்டாபேஸ் இடமாற்றத்தைப் பணிப்பட்டியல் போட்டு நடத்துவது எப்படி என்று அறிய விரும்புகிறவர்களுக்கு அதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

அந்தப் பட்டியலில் முதலில் கண்ணில் படுவது பெயர்களுக்குப் பதிலாக இருக்கும் சின்னச் சின்னப் படங்கள். யானை இருந்தால் டேட்டாபேஸ் பொறுப்பாளர், தொலைபேசி இருந்தால் வாடிக்கையாளர்களுக்குச் சேதி சொல்பவர், கோப்பை இருந்தால் சோதனைகளை நடத்துபவர், ஓநாய் இருந்தால் ஒருங்கிணைப்பாளர். அவருக்கும் மேலே, தொப்பிப் படத்துடன் இறுதிப் பொறுப்பை ஏற்பவர் ஒருவர். ஒவ்வொரு வேலையின் முன்னாலும் இதில் ஒரு படம் ஒட்டியிருக்கும். படத்துக்கு உரியவர் யார் என்பதைப் பட்டியலின் தலைப்பிலேயே ஆளின் பெயரோடு நிரப்பிவிட வேண்டும். பார்க்க விளையாட்டுத்தனமாகத் தோன்றினாலும் காரியத்தில் இது கெட்டிக்காரத்தனம். பதற்றமான நேரத்தில் நூற்றுக்கணக்கான வரிகளைப் படித்துத் தன் வேலையைத் தேட எவருக்கும் பொறுமை இருக்காது. யானையைத் தேடுவது சுலபம்.

இந்தப் படங்களில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பின்னோக்கி வளைந்த அம்பு. அதற்கு உரியவரின் வேலை, எல்லாவற்றையும் பழைய இடத்துக்குத் திருப்புவது. பெரும்பாலான நிறுவனங்களில் திரும்பும் வேலையும் முன்னோக்கிப் போகிறவர்களின் தலையிலேயே விழும். அதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. ஐந்து மணி நேரம் போராடி முக்கால் கிணறு தாண்டியவர், இன்னும் பத்து நிமிடம் கொடுங்கள், சரி செய்துவிடுகிறேன் என்றுதான் சொல்வார். திரும்புவதற்கென்றே ஒருவர் தயாராக உட்கார்ந்திருந்தால் அந்தப் பேச்சு வேறு மாதிரி போகும்.

பட்டியலை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. கிட்லேப்பின் ஊழியர்கள் வழக்கமாகத் தங்கள் பணிப்பட்டியல்களை கிட்லேப் தளத்திலேயே வைப்பவர்கள். அன்று அந்தத் தளமே மூடிக் கிடக்கப் போகிறது! அதனால் பட்டியலின் பிரதியைத் தனியாக இயங்கும் இன்னொரு சர்வரில்தான் திறக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே கொட்டை எழுத்தில் எழுதி வைத்தார்கள். திட்டம் போடுகிறவர்கள் கோட்டை விடுவது இந்த மாதிரி இடங்களில்தான்.

வேலைகள் காலக் கணக்கில் அடுக்கப்பட்டிருந்தன. மூன்று வாரத்துக்கு முன் செய்யவேண்டியவை, ஒரு வாரத்துக்கு முன், ஒரு நாளுக்கு முன், மூன்று மணி நேரத்துக்கு முன், பிறகு அந்த நேரம். கிளம்பும் நேரம் வந்ததும் முதலில் வெளியாரின் வழியை அடைக்க வேண்டும். அடுத்து, பின்னணியில் ஓடும் வேலைகள் தீரும்வரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகே புதிய இடத்திலுள்ள நகல், பழையதன் கடைசி எழுத்துவரை பெற்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். இந்த வரிசை மாறினால் சோதனைக்கு அர்த்தமே இல்லை. கதவை மூடாமல் எடுக்கிற எண்ணிக்கை, எண்ணி முடிப்பதற்குள் பழையதாகிவிடும்.

பட்டியலை ஒருமுறை எழுதி மூடி வைக்கவும் இல்லை. மூலப் பட்டியல் ஒரு கோப்பாக இருந்தது. ஒவ்வொரு ஒத்திகைக்கும் அதிலிருந்து புதுப் பிரதி எடுத்து, முதல் வேலையிலிருந்து டிக் போட்டுக்கொண்டு போனார்கள். எங்கே தடுக்கியதோ அங்கே மூலக் கோப்பைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்தை இன்னொருவர் படித்து ஒப்புக்கொண்ட பிறகுதான் அது பட்டியலில் ஏறும். அடுத்த ஒத்திகை திருந்திய பிரதியோடு தொடங்கும்.

அதே 2018-இல், நான்கு மாதம் முன்பு, பிரிட்டனில் வேறொரு பெரிய இடமாற்றம் நடந்தது. டிஎஸ்பி வங்கி, லாயிட்ஸ் வங்கியிடமிருந்து பிரிந்த பிறகும் அதன் கணினி அமைப்பையே வாடகைக்குப் பயன்படுத்தி வந்தது. 2015-இல் டிஎஸ்பியை வாங்கிய ஸ்பெயினின் சபாதெல் வங்கி, தன் சொந்த அமைப்பின் அடிப்படையில் ஒன்றைக் கட்டி, 52 லட்சம் வாடிக்கையாளர்களையும் அதற்கு மாற்றத் திட்டமிட்டது. ஏப்ரல் 20 வெள்ளிக்கிழமை தொடங்கி ஞாயிறு முடியும் ஒரே வார இறுதியில் மாற்றம் நடந்தது.

ஆச்சரியமான உண்மை என்னவென்றால், தரவு பத்திரமாகவே போய்ச் சேர்ந்தது. பின்னாளில் அபராதம் விதித்த கண்காணிப்பு அமைப்புகளே இதை ஒப்புக்கொள்கின்றன. விழுந்தது தரவைத் தாங்கவேண்டிய புதிய அமைப்பு. கதவு திறந்ததும் லட்சக்கணக்கானோர் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். கிளைகளிலும் வேலை நின்றது. நிலைமை முழுதாகச் சீராக டிசம்பர் வரை ஆனது. வங்கியின் தலைமைச் செயல் அதிகாரி செப்டம்பரில் பதவி விலகினார். 2022 டிசம்பரில் விதிக்கப்பட்ட அபராதம் 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு.

அங்கேயும் திட்டம் இருந்தது, பொறுப்பாளர்கள் இருந்தார்கள், தயார்நிலைச் சோதனைகளும் இருந்தன. வங்கி நியமித்த சட்ட நிறுவனம் 2019-இல் வெளியிட்ட விசாரணை அறிக்கை, அந்தச் சோதனைகளுக்குள் என்ன இருந்தது என்று பார்த்தது. புதிய அமைப்பு இரண்டு தரவு மையங்களில் ஒரே நேரத்தில் ஓட வேண்டியது. எத்தனை பேர் வந்தால் தாங்கும் என்ற சோதனையோ ஒரே மையத்தில்தான் நடந்தது. இரண்டும் ஒன்றுபோலவே அமைக்கப்பட்டிருக்கும் என்று எண்ணிக்கொண்டார்கள். அப்படி இல்லை. அமைப்பைக் கட்டி நடத்திய துணை நிறுவனம் தயாரா என்ற கேள்விக்கு, தயாராகிவிடுவோம் என்ற பொருளில் எழுதிய கடிதம் பதிலாகக் கிடைத்தது. அந்தக் கடிதத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று போதுமான அளவு தோண்டவில்லை என்பதற்காகவே, வங்கியின் தகவல் தொழில்நுட்பத் தலைமை அதிகாரிக்கு 2023-இல் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

ஆகவே பட்டியலில் 'சோதனை முடிந்தது' என்று இருக்கும் டிக் ஒன்றையும் நிரூபிக்காது. எதை, எந்தச் சர்வரில், என்ன விடை வரவேண்டும் என்று எதிர்பார்த்து, என்ன வந்தது என்பது அந்த வரியிலேயே இருக்க வேண்டும்.

ஒரு சிறிய உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். ஐந்தாறு கிளைகள் கொண்ட ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம் என்று கற்பனை செய்துகொள்வோம். பில் போடும் டேட்டாபேஸைப் பழைய சர்வரிலிருந்து புதிய போஸ்ட்கிரெஸ் பதிப்புக்கு மாற்றுகிறார்கள். ஞாயிறு காலை 6 மணிக்கு வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்காகக் கதவு திறந்தாக வேண்டும். சனி இரவு 10 மணிக்குப் பில் போடுவதை நிறுத்துகிறார்கள். பழையதில் உள்ள ரசீதுகள் 2,41,507. புதியதிலும் 2,41,507. மொத்தத் தொகையும் ஒரு ரூபாய் பிசகாமல் ஒத்துப் போகிறது. டிக் போட்டுவிடலாமா?

போடக் கூடாது. போஸ்ட்கிரெஸில் அடுத்த ரசீதுக்கு என்ன எண் என்பதைத் தனியாக ஒரு எண்ணி நினைவில் வைத்திருக்கும். பதிப்பு மாற்றங்களில் பலரும் பயன்படுத்தும் தர்க்கரீதி நகலெடுப்பு முறை, வரிசைகளையெல்லாம் கொண்டுவந்து சேர்க்கும். இந்த எண்ணியைக் கொண்டுவருவது அந்த முறையில் வெகுகாலமாக இல்லாத ஒன்று. எனவே புதிய சர்வரில் எண்ணி ஒன்றிலேயே நிற்கும். காலை 6 மணிக்கு முதல் ரசீது போடும்போது அது 1 என்ற எண்ணைத் தரும். அந்த எண்ணில் ஏற்கெனவே ஒரு ரசீது இருப்பதால் டேட்டாபேஸ் மறுத்துவிடும். எல்லாக் கிளையிலும் பில் போட முடியாது. எண்ணிக்கைச் சோதனை இதைக் கண்டுபிடிக்கவே பிடிக்காது. பட்டியலில் இந்த இரண்டு வரிகள் இருந்தால் பிடித்துவிடும்:

```
SELECT max(id) FROM receipts;
SELECT last_value FROM receipts_id_seq;
```

இரண்டாவது விடை முதல் விடையைவிடக் குறைவாக இருந்தால் நிறுத்து, எண்ணியைச் சரிசெய், மறுபடி பார் என்று அந்த வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். அதற்கு அடுத்த வரி, சோதனைக்காக ஒரு ரசீதைப் போட்டுப் பார்ப்பது. அதற்கும் அடுத்த வரியைத்தான் பலர் மறப்பார்கள்: போட்ட சோதனை ரசீதை நீக்குவது. மறந்தால் திங்கட்கிழமை கணக்குப் பிள்ளை வராத பணத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

இப்போது கெடு. காலை 6 மணிக்குத் திறக்க வேண்டும், பழைய சர்வருக்குத் திரும்ப ஒத்திகையில் 40 நிமிடம் ஆனது என்றால், போகலாமா திரும்பலாமா என்று முடிவெடுக்கும் கடைசி நேரம் 6 மணி ஆகாது, 5.20-உம் ஆகாது. ஒத்திகையில் 40 நிமிடம் எடுத்தது விடியற்காலையில், தூக்கக் கலக்கத்தில் ஒரு மணி நேரம் எடுக்கலாம். எனவே பட்டியலில் 'காலை 4.30: முடிவு' என்று ஒரு வரி இருக்க வேண்டும். அதன் எதிரே ஒரே ஒருவரின் பெயர் இருக்க வேண்டும். 4.30 மணிக்கு எந்தச் சோதனை பாக்கி நின்றாலும் திரும்புவதே இயல்பான முடிவு என்பதை முந்தின வாரமே பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கெடு ஏன் இவ்வளவு கறாராக இருக்க வேண்டும்? ரோல்பேக் என்று எழுதிவிட்டால் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கல்யாண வீட்டில் பாதி மொய் எழுதிய பிறகு நோட்டை மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். பழைய வரவுகளைப் புது நோட்டில் படியெடுக்கும்வரை ஒரு தொல்லையும் இல்லை. படியெடுத்ததில் தப்பு என்றால் கிழித்துப் போட்டுவிட்டுப் பழைய நோட்டுக்கே திரும்பலாம். புது நோட்டில் முதல் ஆளின் மொய்யை எழுதிய கணத்திலிருந்து கதை மாறிவிடுகிறது. அதன்பின் பழைய நோட்டுக்குத் திரும்பினால் அவருடைய மொய் எந்தக் கணக்கிலும் இருக்காது. டேட்டாபேஸிலும் அதேதான். வாடிக்கையாளரின் முதல் எழுத்து புதிய இடத்தில் விழும்வரை திரும்புவது என்பது ஒரு சுவிட்சை மாற்றுவது. விழுந்த பிறகு அது இன்னொரு இடமாற்றம். அதுவும் திட்டமில்லாத இடமாற்றம்.

கிட்லேப்பின் பட்டியல் இந்தக் கோட்டை மிகத் தெளிவாகப் போட்டிருந்தது. புதிய இடம் உயிர்பெற்ற பிறகும் வெளியாருக்கான வழியை அடைத்தே வைத்து, சோதிப்பவர்களை மட்டும் உள்ளே விட்டுப் பார்ப்பது ஒரு கட்டம். அதற்கு அடுத்த கட்டத்தின் பெயரே 'உறுதிசெய்தல்'. மூடிய நேரம் முடிந்தபின் திரும்புவது மிகக் கடினம், இடையில் நடந்த மாற்றங்கள் தொலைந்துவிடும், தரவு கெடாமல் காப்பதே முதல் கடமை என்று அங்கே எச்சரித்திருந்தார்கள். சோதனையில் தவறு தெரிந்தும் முன்னே போவதாக இருந்தால் ஒருங்கிணைப்பாளரின் முடிவு மட்டும் போதாது, மேலே இருப்பவரும் ஒப்பமிட வேண்டும்.

எந்தத் தவறுக்குத் திரும்ப வேண்டும், எதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதையும் முன்கூட்டியே எழுதியிருந்தார்கள். முழுத் திட்டத்திலும் மிகவும் யோசித்து எழுதப்பட்ட பகுதி இதுதான் என்று தோன்றுகிறது. தவறுகளை மூன்றாகப் பிரித்தார்கள். காரணமே தெரியாத தவறு, தரவு காணாமல் போன தவறு, அமைப்பை இசைப்பதில் நேர்ந்த தவறு. சோதிப்பவரின் முதல் வேலை சரிசெய்வது அல்ல, தவறு எந்த வகை என்று விரைவில் சொல்வதே. மூடியிருக்கும் நேரத்துக்குள் காரணம் தெரியாவிட்டால் திரும்பிவிட வேண்டும். தரவு காணவில்லை என்றாலும் திரும்ப வேண்டும். விதிவிலக்கு பெற மூன்று நிபந்தனைகளும் சேர வேண்டும்: எவ்வளவு காணவில்லை என்பது திட்டவட்டமாகத் தெரிய வேண்டும், உடனடியாக யாருக்கும் அது தேவைப்படாததாக இருக்க வேண்டும், அன்றே அதை நிரப்பும் பொறுப்பைப் பெயர் சொல்லி ஒருவர் ஏற்க வேண்டும். அமைப்புத் தவறுக்கும் இதே பாணிதான். தீர்வு எளிதாகவும் வெளிப்படையாகவும் இருந்து, அதுவரை தரவு கெடாது என்று தெரிந்து, அன்றே செய்ய ஓர் ஆள் இருந்தால் மட்டுமே முன்னே போகலாம். கடைசியாக இன்னொன்று: தவறுகள் ஒவ்வொன்றும் அற்பமாகத் தெரிந்தாலும் எண்ணிக்கை கூடிவிட்டால் திரும்புவதைப் பற்றித் தீவிரமாக யோசியுங்கள், அவை ஒன்றோடொன்று சேர்ந்து என்ன செய்யும் என்று சொல்ல முடியாது.

'பெயர் சொல்லி ஒருவர்' என்ற நிபந்தனை இரண்டு இடத்தில் வருவதைக் கவனிக்கலாம். ஒன்றரை ஆண்டுக்கு முன் பேக்கப்புக்கு ஆளில்லாமல் போன நிறுவனம் இது.

முதல் எழுத்து விழுந்த பின்னும் திரும்பும் வழியைக் கொஞ்ச காலம் திறந்து வைக்க ஒரு முறை இருக்கிறது. புதிய டேட்டாபேஸ் உயிர்பெற்றதுமே, அதில் விழும் ஒவ்வொரு எழுத்தையும் பழையதற்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும் எதிர்த்திசை நகலெடுப்பை ஓட விடுவார்கள். மூன்றாம் நாள் பழுது தெரிந்தாலும் பழைய சர்வரில் மூன்று நாள் கணக்கும் இருக்கும். இதற்கும் விலை உண்டு. பழைய அமைப்புக்குப் புரியாத எதையும், புதிதாக ஒரு நெடுவரிசையைக்கூட, அதுவரை புதியதில் சேர்க்க முடியாது. இரண்டு சர்வருக்கும் வாடகை கட்ட வேண்டும். எதிர்த்திசை ஓட்டம் நின்றுபோனால் எச்சரிக்கை யாருக்கு வரும் என்பதும் பட்டியலில் ஒரு வரியாக வேண்டும். நின்றது தெரியாமல் இரண்டு நாள் போனால் இருப்பதாக நினைத்த வழி உண்மையில் இல்லை.

அப்படி ஓடவிட்டவர்கள் இன்னொரு தேதியையும் குறிக்க வேண்டும், எதிர்த்திசை ஓட்டத்தை நிறுத்தும் தேதி. பரிசோதனைக் கூட உதாரணத்தில் அது ஒரு மாதக் கடைசிக் கணக்கு முடிந்த மறுநாளாக இருக்கலாம். மாதம் ஒருமுறை ஓடும் அறிக்கைகள் புதிய இடத்தில் சரியாக வருகின்றனவா என்பது அதற்கு முன் தெரியாது. அன்று செய்யவேண்டியவை நான்கு. புதிய சர்வரின் பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டு, ரசீதுகளை எண்ணிப் பார்ப்பது. பழைய டேட்டாபேஸின் கடைசி நகலை எடுத்துப் பத்திரப்படுத்துவது. ஓட்டத்தை நிறுத்துவது. பழைய சர்வரை அணைப்பது. நான்கின் எதிரேயும் ஒரு பெயர், முந்தைய வரியில் டிக் விழாமல் அடுத்ததைத் தொடக் கூடாது என்ற குறிப்போடு.